மின்காரும் பெட்ரோல் காரும்: கிலோவாட், குதிரைத் திறன், முறுக்கு விசை

ஐதராபாத் நகரின் வடகிழக்கே உள்ள குஷாய்குடாவிலும் அதனை அடுத்த சேர்லபள்ளியிலும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. அங்குள்ள கடைசல் இயந்திரம் ஒன்றன் மின் மோட்டாரில் பொருத்தப்பட்ட தகட்டைப் பார்த்தால், 3.7 கிலோவாட், 5 குதிரைத் திறன், நிமிடத்திற்கு 1,440 சுற்றுகள் என்று பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். தொழிலாளிக்கு இவ்வெண்களில் குழப்பம் ஏதும் இல்லை. ஆனால், அதே பகுதியில் வசிப்பவர் ஒருவர் கார் வாங்க எண்ணி, பெட்ரோல் காருக்கும் மின்காருக்கும் உரிய விவரத் தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது குழப்பம் தொடங்கிவிடுகிறது.

டாட்டா நிறுவனத்தின் நெக்ஸான் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஒரே உடற்கட்டில் அது இருவகையாகவும் விற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த மின் நெக்ஸானின் மோட்டார் 95 கிலோவாட் திறனும் 245 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் உடையது. அதே ஆண்டின் பெட்ரோல் நெக்ஸானுக்கு நிமிடத்திற்கு 5,500 சுற்றில் 120 குதிரைத் திறனும், 1,750 முதல் 4,000 சுற்று வரையில் 170 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் குறிக்கப்பட்டன. ஒன்றில் கிலோவாட், மற்றொன்றில் குதிரைத் திறன். முறுக்கு விசையிலோ 44 விழுக்காடு வேறுபாடு. மின்கார் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலியது என்று கொள்ளலாமா?

முதலில் அலகுகளைச் சரி செய்துகொள்வோம். கிலோவாட்டும் குதிரைத் திறனும் ஒரே பொருளை, அதாவது ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவை, இருவேறு அலகுகளில் கூறுவனவே. கார் விவரத் தாள்களில் பெரும்பாலும் காணப்படும் மெட்ரிக் குதிரைத் திறன் 0.7355 கிலோவாட்டுக்குச் சமம். தொழிற்கூட மோட்டாரின் தகட்டில் காண்பதோ 0.746 கிலோவாட் கொண்ட பிரிட்டிஷ் குதிரைத் திறன். வேறுபாடு சிறிதே எனினும் இரண்டையும் கலத்தல் ஆகாது. இக்கணக்கின்படி பெட்ரோல் எஞ்சினின் 120 குதிரைத் திறன் 88 கிலோவாட் ஆகிறது. மின் மோட்டாரின் 95 கிலோவாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு 8 விழுக்காடுதான். மின்கலத் தொகுதிக்குக் குறிக்கப்படும் 30.2 கிலோவாட்-மணி என்பது சேமித்து வைத்துள்ள ஆற்றலின் அளவு. அதை மோட்டாரின் திறனோடு ஒப்பிடுவது தொட்டியின் கொள்ளளவைக் குழாயின் வேகத்தோடு ஒப்பிடுவது போன்றது.

முறுக்கு விசை என்பது அச்சைத் திருப்பும் வலிமை. அது மட்டும் இருந்தால் வேலை நடந்துவிடாது. அச்சு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதும் சேர்ந்தே திறனாகிறது. முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். தொழிற்கூட மோட்டாரில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், 3.7 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 24.5 நியூட்டன் மீட்டர் வருகிறது. நெக்ஸானின் மோட்டாரிலும் இவ்வாறே கணக்கிடலாம்: 245 நியூட்டன் மீட்டரும் 95 கிலோவாட்டும் ஒருசேரப் பொருந்துவது சுமார் 3,700 சுற்றில். அதற்குக் கீழே முறுக்கு விசை முழுதும் கிடைக்கும். திறன் வேகத்தோடு உயரும். அதற்கு மேலே திறன் 95 கிலோவாட்டைத் தாண்ட இயலாது. எனவே, சுழற்சி கூடக் கூட முறுக்கு விசை குறைந்தே தீரும். 7,400 சுற்றில் அது பாதியளவே.

சாலையைத் தள்ளுவது மோட்டாரின் அச்சு அன்று, சக்கரம். இடையில் பற்சக்கரங்கள் முறுக்கு விசையைப் பெருக்குகின்றன. கணக்கிற்காக, மின்காரின் ஒரே கியர் பத்து மடங்கு பெருக்குவதாகவும், பெட்ரோல் காரின் முதல் கியர் 13 மடங்கும் இரண்டாம் கியர் 7.5 மடங்கும் பெருக்குவதாகவும், சக்கரத்தின் ஆரம் 32 சென்டிமீட்டர் எனவும் கொள்வோம். மின்கார் சாலையில் செலுத்தும் விசை சுமார் 7,650 நியூட்டன். பெட்ரோல் கார் முதல் கியரில் செலுத்துவது 6,900 நியூட்டன். விவரத் தாளில் 44 விழுக்காடாகத் தெரிந்த வேறுபாடு சக்கரத்திற்கு வருவதற்குள் 11 விழுக்காடாகக் குறைந்துவிட்டது! முறுக்கு விசை எண்களை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின் மின்காரை ஓட்டியவர்கள் அது துள்ளிப் பாய்வதாகக் கூறுவது வெறும் மனமயக்கமா? அன்று. இ.சி.ஐ.எல். நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்ததும் பெட்ரோல் காரின் எஞ்சின் 1,750 சுற்றை எட்டும் வரை முழு முறுக்கு விசையைத் தராது. முதல் கியரில் அந்நிலை மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். அதுவரை கிளட்சை வழுக்கவிட்டே வண்டியை நகர்த்த வேண்டும். மின் மோட்டாரோ அசையாத நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தர வல்லது. மணிக்கு 40 கிலோமீட்டரில் பெட்ரோல் காரின் ஓட்டுநர் பெரும்பாலும் இரண்டாம் கியரில் இருப்பார். அவருக்குக் கிடைப்பது 3,980 நியூட்டன். மின்காருக்கு அப்போதும் 7,650. முதல் கியருக்கு இறங்கினால் பெட்ரோல் காரும் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆனால், நகர நெரிசலில் எவர் அவ்வாறு செய்வார்? மணிக்கு 100 கிலோமீட்டரிலோ கதை வேறு. மின்கார் 3,420 நியூட்டனும், பெட்ரோல் கார் தன் உச்சத் திறனில் 3,180 நியூட்டனும் செலுத்தும். கிலோவாட் எண்கள் முன்பே கூறிய அதே சிறு வேறுபாடுதான். மின்கலத் தொகுதியின் எடையையும் கருதினால் அதுவும் கரைந்துவிடக் கூடும்.

இன்னொரு செய்தி விவரத் தாளில் எளிதில் கண்ணில் படாது. தொழிற்கூட மோட்டாரின் தகட்டில் உள்ள 3.7 கிலோவாட், நாள் முழுதும் இடைவிடாது தரக்கூடிய திறன். மின்காரின் 95 கிலோவாட்டோ சிறிது நேரமே தாங்கக்கூடிய உச்சத் திறன். மோட்டாரில் முறுக்கு விசை மின்னோட்டத்தைப் பின்பற்றி உயர்கிறது. கம்பிச் சுருளின் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. முறுக்கு விசையை இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. எல்லை மீறினால் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே திறனைக் குறைத்துவிடும். மிதியை முழுதும் அழுத்தியும் வண்டி தளர்வதே அதன் அறிகுறி. குளிர்விப்பு ஒழுங்காக உள்ள பெட்ரோல் எஞ்சின் தன் உச்சத் திறனை நெடுநேரம் தர வல்லது. ஆகவே 95, 88 ஆகிய இரு எண்களும் ஒரே தன்மையன அல்ல.

இதற்கெனவே முப்பது நிமிடத் திறன் என்னும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் அதை அளக்கும் முறையை ஏ.ஐ.எஸ். 041 என்னும் தரவிதி கூறுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் இவ்வளவையே கையாளுகின்றன. முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், மின்கல வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. உச்சத் திறனைக் காட்டி இவ்விதியைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

காருக்கும் இவ்வெண்ணைக் கேட்டுப் பெறுவது நன்று. குஷாய்குடாவிலிருந்து ஸ்ரீசைலம் செல்பவர் நல்லமலைத் தொடரின் வளைவுச் சாலையில் ஏற வேண்டும். ஆட்களோடு 1,600 கிலோகிராம் எடையுள்ள கார், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்ல, சாலை உராய்வையும் காற்றுத் தடையையும் சேர்த்து, சக்கரத்தில் ஏறத்தாழ 17 கிலோவாட் போதும். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் இதைவிடப் போதிய அளவு கூடுதலாக இருந்தால் ஏற்றத்தில் தளர்ச்சி நேராது. முன்னே செல்லும் லாரியைக் கடந்து செல்ல எடுக்கும் சில நொடிகளுக்குத்தான் 95 கிலோவாட் உதவும்.