பெற்றோரை மிஞ்சும் பிள்ளை: செம்பனையில் கலப்பு வீரியம்

ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே எண்ணெய் தரும் சதை, அதற்குள் மெல்லிய கறுத்த ஓடு, நடுவில் வெள்ளைப் பருப்பு தெரியும். இந்த வகைக்கு ‘தெனெரா’ என்று பெயர். இது ஒரு கலப்பினம்.

இதன் தாய் ‘டூரா’. அதன் ஓடு தடிமனாக இருப்பதால் சதை குறைவு. தந்தை ‘பிசிஃபெரா’. அதற்கு ஓடே இல்லை. ஆனால் அதன் பெண் பூங்கொத்துகள் பெரும்பாலும் பழுக்காமல் அழுகிவிடும். எனவே அதன் மகரந்தம் மட்டுமே பயன்படுகிறது. குறையுள்ள இந்த இரண்டுக்கும் பிறந்த தெனெராவில் குலையும் நன்றாகப் பழுக்கிறது, சதையும் மிகுதி. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது. பெற்றோர் இருவரையும் பிள்ளை மிஞ்சுவதையே கலப்பு வீரியம் என்கிறோம்.

இது ஏன் நிகழ்கிறது? அறிவியலாளர்கள் இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள்.

முதலாவது, ஓங்குதன்மை விளக்கம். ஒவ்வொரு பெற்றோரிடமும் சில பழுதான மரபணுக்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன. வெவ்வேறு வழியில் வந்த இருவர் கலக்கும்போது, ஒருவரின் பழுதை மற்றவரின் நல்ல மரபணு மறைத்துவிடுகிறது. அப்படியானால், எல்லா நல்ல மரபணுக்களையும் ஒரே தூய வகையில் சேர்த்துவிட்டால் கலப்பினமே தேவைப்படாது.

இரண்டாவது, மிகை ஓங்குதன்மை விளக்கம். இதன்படி, ஒரே மரபணுவின் இரு வேறு வடிவங்கள் சேர்ந்திருப்பதே நன்மை. அப்படியானால் எந்தத் தூய வகையும் கலப்பினத்தை எட்ட முடியாது.

செம்பனை ஓட்டைப் பொறுத்தவரை இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. ஓட்டை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று பெல்ஜியக் காங்கோவில் பெயர்நார்ட், வாண்டர்வேயன் ஆகிய இருவர் 1941-இல் காட்டினர். டூராவில் அந்த மரபணுவின் ஓடு தரும் வடிவம் இரண்டு உண்டு. பிசிஃபெராவில் ஓடு தராத வடிவம் இரண்டு. தெனெராவில் ஒவ்வொன்றிலும் ஒன்று. அதனால்தான் ஓடு மெல்லியதாகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தெனெரா மரத்தடியில் விழுந்து முளைத்த 100 கன்றுகளை எடுத்து நட்டால் என்ன ஆகும்? சுற்றியுள்ள மரங்களும் தெனெராவே என்பதால், மெண்டல் விதிப்படி சுமார் 25 டூரா, 50 தெனெரா, 25 பிசிஃபெரா கிடைக்கும். பாதி மரங்கள் வீண். நாற்றங்காலில் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. நட்டுச் சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பழத்தை வெட்டினால்தான் தெரியும். எனவே ஒவ்வொரு முறையும் டூராவின் பெண் பூங்கொத்தைப் பையால் மூடி, பிசிஃபெராவின் மகரந்தத்தை உள்ளே தூவி, புதிதாக விதை எடுக்கிறார்கள்.

2013-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அந்த ஓட்டு மரபணுவையே கண்டுபிடித்தனர். இப்போது நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ஓட்டு மரபணு முழுக் கதையல்ல. மரத்தின் வளர்ச்சி, குலைகளின் எண்ணிக்கை, எடை ஆகியவற்றில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. சோளம் போன்ற பயிர்களில், பல மரபணுக்கள் சேர்ந்து தரும் வீரியத்துக்கு முதல் விளக்கமே பெரும்பாலும் பொருந்துகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.