பூட்டோடு வந்த திங்க்பேட்: விற்றவரிடம் எதைக் கேட்பது?

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே பேட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஒருவர் ஒடுகத்தூரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ஆன்லைனில் லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றை வாங்குகிறார். 2018-இல் வந்த மாடல், ரீஃபர்பிஷ்ட், விலை 24,500 ரூபாய். பெட்டியைப் பிரித்து ஆன் செய்தால் விண்டோஸ் சரியாக வருகிறது. பேட்டரி நிற்கிறது, கீபோர்டிலும் குறை இல்லை. ஆனால் பேட்டர்ன் மென்பொருளின் டாங்கிளைச் செருகினால் எந்த யூஎஸ்பி போர்ட்டிலும் அசைவு இல்லை. போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க F1 அழுத்தி பயாஸுக்குள் போக முயன்றால், பூட்டுப் படத்தோடு ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. பெட்டியில் வந்த எந்தத் தாளிலும் அந்த பாஸ்வேர்டு இல்லை.

இது விண்டோஸ் பாஸ்வேர்டு அல்ல. மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும், எஸ்எஸ்டியையே மாற்றினாலும் அது போகாது. சந்தைக்கு வரும் இத்தகைய மெஷின்களில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களில் ஓடியவை. ஊழியர்கள் அமைப்புகளை மாற்றக் கூடாது என்பதற்காக அங்குள்ள ஐடி துறை இந்தப் பூட்டைப் போடுகிறது. டேட்டா வெளியே போகாமல் இருக்க யூஎஸ்பி போர்ட்டையும் பயாஸிலேயே அணைத்து வைக்க முடியும். பிறகு மொத்தமாக லாட்டில் விற்கும்போது பூட்டை எடுக்க மறந்துவிடுகிறார்கள். லாட்டை வாங்கிய வியாபாரி விண்டோஸ் ஏறியதும் பேக் செய்துவிடுகிறார். அதனால் அவர் ஏமாற்றினார் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்ட வேண்டாம். அதே நேரத்தில் பொறுப்பு அவருடையது என்பதில் சந்தேகமும் வேண்டாம்.

பூட்டு இருப்பதை விண்டோஸுக்குள்ளிருந்தே உறுதிப்படுத்தலாம். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்த வரியைக் கொடுங்கள்:

```
(Get-CimInstance -Namespace root\wmi -ClassName Lenovo_BiosPasswordSettings).PasswordState
```

0 என்று வந்தால் எந்த பாஸ்வேர்டும் இல்லை. 2 என்று வந்தால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறது. திங்க்பேட் வரிசைக்கு இது பொருந்தும். டெல்லில் F2, ஹெச்பியில் F10 அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வந்த எண்ணையும் பாஸ்வேர்டு கேட்கும் திரையையும் மெஷினின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் செய்யவே கூடாதவை இரண்டு. முதலாவது, தோன்றியதையெல்லாம் பாஸ்வேர்டாக அடித்துப் பார்ப்பது. மூன்று தடவைக்கு மேல் தவறினால் 0199 என்ற பிழை வந்து, அதுவரை விண்டோஸ் வரைக்கும் போய்க்கொண்டிருந்த மெஷின் வாசலிலேயே பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடலாம். இரண்டாவது, சிமாஸ் பேட்டரியைக் கழற்றுவது. பழைய டெஸ்க்டாப்புகளில் பலித்த வைத்தியம் என்பதால் கடையில் முதலில் இதைத்தான் சொல்வார்கள். திங்க்பேடில் இதனால் ஆன் செய்யும்போது கேட்கும் பவர்-ஆன் பாஸ்வேர்டு போகலாம், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போகாது. மாறாக, தேதியும் நேரமும் அழிந்து, அவற்றைச் சரிசெய்ய பயாஸுக்குள் வா என்று மெஷின் அழைக்கும். உள்ளே போக பாஸ்வேர்டு கிடையாது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் அதோடு நிற்கும்.

இனி கேள்வி, விற்றவரிடம் எதைக் கேட்பது என்பதுதான். வழிகள் ஐந்து இருந்தாலும் எல்லாம் ஒரே தரம் அல்ல.

பாஸ்வேர்டைக் கேட்பது முதல் வழி. ஒரு நிறுவனத்திலிருந்து வந்த லாட் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டு இருக்கும் என்பதால், வியாபாரி அதை விற்ற இடத்தில் கேட்டு வாங்கித் தர வாய்ப்பு உண்டு. கிடைத்தால் பத்து நிமிட வேலை. பயாஸில் Security, அதில் Password, அதில் Supervisor Password என்று போய், பழையதை அடித்து, புதியதற்கான இடத்தை வெறுமையாக விட்டு, F10 அழுத்திச் சேமிக்க வேண்டும். அதன்பின் மேலே சொன்ன வரி 0 காட்ட வேண்டும். அதே Security பகுதியில் I/O Port Access-க்குள் யூஎஸ்பியை இயக்கிவிடலாம். கம்ப்யூட்ரேஸ் என்ற திருட்டுத் தடுப்பு வசதி பழைய நிறுவனத்தின் பெயரில் இன்னும் இயங்குகிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இந்த வழிக்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் தராதீர்கள். "நாளைக்கு அனுப்புகிறேன் தம்பி" என்ற பதில் நாலு தடவை வந்தால் ரிட்டர்ன் காலக்கெடு முடிந்துவிடும்.

எனிடெஸ்க் போட்டு நானே எடுத்துவிடுகிறேன் என்று வியாபாரி சொன்னால் மறுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு தெரியாமல் தொலைவிலிருந்து அதை எடுக்க முடியாது. தெரிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பலாமே.

இரண்டாவது வழி, திருப்பிக் கொடுத்து வேறு மெஷினோ பணமோ வாங்குவது. என் தீர்ப்பு இதற்குத்தான். பாஸ்வேர்டு கிடைக்காவிட்டால் இதைத் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, "ஆயிரத்து ஐந்நூறு திருப்பித் தருகிறேன், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். வெறும் பில் போடவும் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கவும்தானே என்று தோன்றும். ஆனால் 2018 மெஷினில் உள்ள சிமாஸ் பேட்டரிக்கும் அதே வயதுதான் இருக்கும். என்றாவது அது தீரும்போது, மேலே சொன்ன அதே நிலை தானாகவே வரும். பூட் வரிசையையும் பூட்டியிருந்தால் எஸ்எஸ்டி பழுதாகும்போது பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்ற முடியாது. நம் பேட்டர்ன்காரருக்கோ டாங்கிளே வேலை செய்யவில்லை. அவருக்கு இந்தத் தள்ளுபடியால் ஒரு பயனும் இல்லை.

நான்காவது, வேலூரிலோ ஆம்பூரிலோ சிப் லெவல் வேலை பார்க்கும் கடையில் கொடுத்து உடைப்பது. பயாஸ் சிப்பில் உள்ளதைப் படித்து மாற்றி எழுதும் வேலை அது. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சரியாக அமையாவிட்டால் சீரியல் எண் அழிந்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 2200, 2201 என்ற பிழைகள் வரும். போர்டே போனாலும் போகலாம். அதைவிடப் பெரிய இழப்பு, மெஷினைத் திறந்ததும் ரிட்டர்ன் உரிமை பலவீனமாவது. "கஸ்டமர் கழற்றிவிட்டார்" என்ற ஒரு வரி வியாபாரிக்குப் போதும். செலவை நானே தருகிறேன் என்று அவரே போனில் சொன்னாலும் எழுத்தில் வராமல் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. திருட்டுப் பொருளிலும் இதே பூட்டுதான் இருக்கும். மெஷின் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இல்லாமல் பூட்டை உடைப்பது வாங்கியவரையே சிக்கலில் விடும்.

ஐந்தாவது, லெனோவோ சர்வீஸ் சென்டர். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் தங்களாலும் எடுக்க முடியாது, வாங்கியதற்கான ஆதாரம் காட்டிக் கட்டணத்துக்கு சிஸ்டம் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் நிலை. பழைய மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது. வியாபாரி அங்கே போகச் சொன்னால், செலவு அவருடையது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆக, அனுப்பும் செய்தியில் இந்த வரிசை தெளிவாக இருக்க வேண்டும். "என்ன செய்யலாம் அண்ணா, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று தொடங்கினால், உடைக்கும் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். போனில் பேசினாலும் பேசிய கையோடு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பேட்டர்ன்காரர் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். உங்களிடம் வாங்கிய திங்க்பேட் டி480 இன்று ஒடுகத்தூர் முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஆர்டர் எண், பில், சீரியல் எண் போட்டோ இணைத்துள்ளேன். மெஷினில் பயாஸ் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போடப்பட்டுள்ளது. யூஎஸ்பி போர்ட்டுகள் வேலை செய்யவில்லை, பயாஸுக்குள் போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை. விற்பனை விவரத்தில் இந்தப் பூட்டு பற்றிக் குறிப்பிடவில்லை. திரையின் போட்டோவும் வீடியோவும் இத்துடன் உள்ளன. மெஷினை நான் திறக்கவில்லை, எந்தக் கடையிலும் கொடுக்கவில்லை. இரண்டு நாளுக்குள் சரியான பாஸ்வேர்டை எழுத்தில் அனுப்புங்கள். நான் நீக்கிப் பார்த்து உறுதி சொல்கிறேன். முடியாவிட்டால், பூட்டு இல்லாத அதே மாடலோ முழுப் பணமோ வேண்டும். திரும்ப எடுத்துச் செல்லும் ஏற்பாடும் செலவும் உங்களுடையது. விலைக்குறைப்புக்கோ வெளிக்கடையில் பூட்டு நீக்குவதற்கோ எனக்குச் சம்மதம் இல்லை. இந்தச் செய்தியை ரிட்டர்ன் கோரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டுக்காகக் காத்திருந்த நாட்களைக் காட்டி, காலம் கடந்துவிட்டது என்று சொல்ல அது இடம் தராது. விற்பனைத் தளத்தின் வழியே வாங்கியிருந்தால் இதே செய்தியைத் தளத்தின் ரிட்டர்ன் பகுதியிலும் அன்றே பதிவு செய்ய வேண்டும்.

சட்டமும் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுடையதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, நம் பேட்டர்ன்காரருக்கு வேலூரிலேயே, வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. வீட்டிலிருந்து பேட்டர்ன் போடுபவர் அந்த விளக்கத்துக்குள் வருவார். பில்லை உங்கள் பெயரிலேயே, சீரியல் எண்ணோடு வாங்கியிருந்தால் வாதம் இன்னும் எளிது.

மாற்று மெஷின் வந்தால், பேட்டரியையும் ஸ்கிரீனையும் பார்ப்பதற்கு முன் F1 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டால், அதன்பின் அந்தப் பவர்ஷெல் வரி 0 காட்டினால், டாங்கிளையும் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அனுப்புங்கள். அதுவரை ரிட்டர்ன் கோரிக்கையை மூட வேண்டாம்.