சொல்லும் சுற்றமும்

வங்கக் கடலின் கரையில் அமைந்த புதுச்சேரி நகரில் தமிழும் பிரெஞ்சும் நெடுங்காலம் அருகருகே வழங்கி வந்துள்ளன. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சியர் தம் ஆட்சிப் பொறுப்பை இந்திய அரசினரிடம் ஒப்படைத்தனர். ஆட்சி மாறிய பின்னரும் அவர்தம் மொழி இந்நகரை விட்டு நீங்கவில்லை. பிரான்சு நாட்டில் குடியேறிய உறவினரைக் கொண்ட குடும்பங்கள் இங்குப் பலவுள. ஆதலின், ஒரு மொழியில் எழுதப்பட்டதை மற்றொரு மொழியில் பெயர்த்துரைக்கும் தேவை இங்கு என்றும் இருந்து வருகின்றது.

இத்தேவையை உணர்ந்த கிறித்தவப் பாதிரிமார் இருவர், மூசே, துப்புயி என்போர், தமிழ் - பிரெஞ்சு அகராதி ஒன்றைத் தொகுத்தனர். அது 1855இலும் 1862இலும் இரண்டு தொகுதிகளாகப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. அகராதி என்பது சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்துவது. அவ்வரிசையில் 'அரிசி' முதற்கண் வரும். 'சோறு' சகரத்தில் நிற்கும். 'நெல்' நகரத்தில் நிற்கும். வயலிலும் அடுக்களையிலும் நெருங்கிய உறவுடைய இம்மூன்றும் அகராதியில் ஒன்றையொன்று காணாமல் பிரிந்து நிற்கின்றன. ஆயினும், பொருள் கூற முற்படுவோன் ஒன்றைத் தொட்டவுடன் மற்ற இரண்டையும் நினைத்தே ஆகவேண்டும். அஃது ஏன் என்பதை ஆராய்வோம்.

பிரெஞ்சு மொழியில் 'ரி' என்றொரு சொல் உண்டு. வயலில் நிற்கும் பயிருக்கும், கடையில் விற்கும் தானியத்துக்கும், இலையில் இட்ட உணவுக்கும் அவ்வொரு சொல்லே பொதுவாக வழங்கும். தமிழிலோ உமியோடு கூடியது நெல், உமி நீங்கியது அரிசி, வெந்தது சோறு. "அரிசி உண்டேன்" என்று ஒருவன் கூறின், வேகாததைத் தின்றான் என்றே கேட்போர் எண்ணுவர். அரிசி என்னும் சொல்லின் எல்லையை வகுத்து நிறுத்துவன எவை? ஒருபுறம் நெல்லும் மறுபுறம் சோறுமே ஆகும். அவ்விரு சொற்களும் தமிழில் இல்லையாயின், அரிசி என்னும் சொல் 'ரி' என்பதுபோல் விரிந்து மூவிடத்தையும் தானே நிரப்பியிருக்கும். ஆகவே, ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லுக்குள் மட்டும் அடங்கியிருப்பதன்று. அதன் அண்டை அயலிலுள்ள சொற்களாலும் வரையறுக்கப்படுவது என்பது பெறப்படும்.

சொற்களிடையே உள்ள இத்தகைய உறவுகள் பலவகைப்படும். அவற்றுள் முதலாவது, பொதுச்சொல்லுக்கும் சிறப்புச்சொல்லுக்கும் உள்ள உறவு. தானியம் என்பது பொதுச்சொல். நெல், கேழ்வரகு, கம்பு, சோளம் என்பன அதன்கண் அடங்கும் சிறப்புச்சொற்கள். நெல் என்பதன்கீழ்ச் சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா முதலிய வகைகள் அடங்கும். எனவே, நடுவில் நிற்கும் நெல் என்னும் சொல் மேலே நோக்கின் சிறப்புச்சொல். கீழே நோக்கின் பொதுச்சொல்.

இவ்வுறவு உளதா இலதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. "உழவர் சீரகச் சம்பா பயிரிட்டார்" என்பது உண்மையாயின், "உழவர் நெல் பயிரிட்டார்" என்பதும் உண்மையே. ஆனால், நெல் பயிரிட்டார் என்பதனால் சீரகச் சம்பா பயிரிட்டார் என்று துணிதல் இயலாது. உண்மை கீழிருந்து மேலே செல்லும். மேலிருந்து கீழே இறங்காது. எதிர்மறை வாக்கியத்தில் இந்நெறி தலைகீழாக மாறும். "உழவர் நெல் பயிரிடவில்லை" என்றால், அவர் சீரகச் சம்பாவும் பயிரிடவில்லை என்பது தானே பெறப்படும்.

இச்சோதனையை நெல், அரிசி, சோறு என்பவற்றின்மேல் வைத்துப் பார்ப்போம். "அரிசி ஒருவகை நெல்" என்பாருண்டோ? இலர். "சோறு ஒருவகை அரிசி" என்பாருமிலர். எனவே, இவை பொதுவும் சிறப்பும் அல்ல. ஒரே பொருள் அடுத்தடுத்து அடையும் நிலைகளின் பெயர்கள். பச்சரிசி, புழுங்கலரிசி என்பனவோ அரிசியின் வகைகளாம். அவ்வாறே, உமியும் தவிடும் நெல்லின் வகைகள் அல்ல; அதன் உறுப்புகள். வகை வேறு, உறுப்பு வேறு. உறுப்பினைச் சினை என்றும், உறுப்பையுடைய முழுப்பொருளை முதல் என்றும் தமிழ் இலக்கணம் பிரித்துரைக்கும். "தோகை மயிலின் சினை" என்பது பொருந்தும். "தோகை ஒருவகை மயில்" என்பது பொருந்தாது. பெரும்பாலும் பிழை நேர்வது இவ்விடத்தேதான்.

இனி, எதிர்ச்சொற்களை நோக்குவோம். எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரு தன்மையன என்று கருதுதல் தவறு. அவற்றுள் மூவகை காணலாம். ஒற்றை எண், இரட்டை எண் என்பன ஒருவகை. ஒரு முழு எண் ஒற்றையன்றாயின் அஃது இரட்டையே, இடைநிலை ஒன்றில்லை. சூடு, குளிர்ச்சி என்பன மற்றொரு வகை. நீர் சூடாக இல்லை என்பதனால் அது குளிர்ந்திருக்கிறது என்று கொள்ளலாகாது. இரண்டற்கும் இடையே வெதுவெதுப்பு என்னும் நிலை உண்டு. மேலும், "மிகச் சூடான நீர்" என்று கூறலாம். "மிக ஒற்றையான எண்" என்று கூறுவாரிலர். 'மிக' என்னும் அடைமொழி ஏற்குமா ஏற்காதா என்று பார்த்தே இவ்விருவகையையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

மூன்றாம் வகை, ஒரே நிகழ்ச்சியை இருபுறமும் நின்று நோக்குவது. மீனவப் பெண் ஒருத்தி மீன் விற்கிறாள் என்றால், அவளிடம் ஒருவர் அதனை வாங்குகிறார் என்பதும் உடன் பெறப்படும். விற்றலும் வாங்கலும் ஒன்றை ஒன்று மறுப்பன அல்ல. ஒன்று இன்றி மற்றொன்று இல்லை. அண்ணன், தம்பி என்பனவும் ஆடவர் இருவரிடையே இத்தகைய இணையாகும். முருகன் வேலனுக்கு அண்ணன் என்றால், வேலன் முருகனுக்குத் தம்பி.

மொழிபெயர்ப்பாளனை இடர்ப்படுத்துவது இவ்விணையே. பிரெஞ்சு மொழியில் உடன்பிறந்த ஆடவனைக் குறிக்க 'ஃபிரேர்' என்னும் சொல் வழங்குகின்றது. மூத்தவன், இளையவன் என்னும் வேறுபாடு அச்சொல்லில் இல்லை. வேண்டுமாயின் தனி அடைமொழி சேர்த்துக் கூறுவர். பாரிசு நகரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு கடிதம் வருகிறது என்று கொள்வோம். "என் ஃபிரேர் அடுத்த திங்கள் ஊருக்கு வருகிறான், வீட்டுப் பத்திரத்தில் அவனே கையொப்பமிடுவான்" என்று மகன் எழுதியிருக்கிறான். அதனைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியவர் முதல் சொல்லிலேயே தயங்கி நிற்பார். அண்ணன் என்பதா, தம்பி என்பதா? அக்குடும்பத்தில் அவனுக்கு மூத்தவன் ஒருவனும் இளையவன் ஒருவனும் இருப்பின், தவறான சொல் தவறான ஆளையே சுட்டிவிடும். தாய் ஒருவனை எதிர்பார்த்திருக்க, மற்றவன் வந்து நிற்பான்.

'உடன்பிறந்தான்', 'சகோதரன்' என்னும் பொதுச்சொற்கள் தமிழில் உள்ளனவே எனின், உண்மைதான். சட்ட ஆவணங்களில் அவை பயன்படும். ஆனால், இல்லத்தில் ஒரு தாய் தன் மகனிடம், "உன் உடன்பிறந்தான் வந்துவிட்டானா?" என்று கேட்பதில்லை. பொதுச்சொல் ஒன்று இருத்தல் வேறு; அஃது அன்றாட வழக்கில் உயிரோடு உலவுதல் வேறு. ஆகவே, நல்ல மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டுக் குடும்பத்தாரைக் கேட்டறிந்த பின்னரே எழுதுவார். மாறாக, தமிழிலிருந்து பிரெஞ்சில் பெயர்ப்பவர், தம்பி என்பதை வெறும் 'ஃபிரேர்' என்று எழுதின், மூலத்தில் இருந்த செய்தி ஒன்று ஓசையின்றி மறைந்துவிடும். முன்னவர் இல்லாததைத் தேடிப் பெறவேண்டும். பின்னவர் இருப்பதை இழவாமல் காக்கவேண்டும்.

சொற்கள் தனித்து வாழ்வன அல்ல என்பதைத் தமிழர் நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். எழுத்து வரிசை அகராதிகள் தோன்றுமுன் தமிழில் நிகண்டுகள் வழங்கின. அவற்றுள் பழமையானது திவாகரம். அது பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் இனம்பற்றியே முதற் பத்துத் தொகுதிகளும் அமைந்துள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் வழங்கும் பல பெயர்களை அவை ஓரிடத்தில் திரட்டித் தருகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பன்னிரண்டாம் தொகுதி, பல பொருள்கள் கூடிய கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயரைக் கூறும். மா, பலா, வாழை என்பவற்றை முக்கனி என்று வழங்குதல் இத்தகையது.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை உடைமையால் அஃது அப்பெயர் பெற்றது. இவற்றைத் திவாகரத்தோடு ஒப்பிட்டு நோக்கின் உண்மையொன்று புலப்படும். ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூறும் பெயரகராதி, நிகண்டின் பதினோராம் தொகுதியை ஒத்தது. ஒரு பொருளின் பல பெயர்களைக் கூறும் பொருளகராதி, முதற் பத்துத் தொகுதிகளை ஒத்தது. தொகையகராதி பன்னிரண்டாம் தொகுதியை ஒத்தது. எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கும் தொடையகராதி ஒன்றே ஓசைபற்றிய உறவைக் காட்டுவது. எழுத்து வரிசையைக் கைக்கொண்ட முனிவர், நிகண்டு காட்டிய சுற்றத்தையும் கைவிடவில்லை.

எனினும், இச்சுற்றம் எக்காலத்தும் ஒரே வகையாய் நிற்பதன்று. தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரமுடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தது. அக்கணக்கின்படி தென்னையும் பனையும் புல்லினம். புதுச்சேரிக் கடற்கரைச் சிற்றூர்களில் இன்று எவரைக் கேட்பினும் அவற்றைத் தென்னமரம், பனைமரம் என்றே கூறுவர். செடியும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. சொல்லுக்கு மேலே நிற்கும் பொதுச்சொல் மாறியது. நூலோர் வகுப்பும் மக்கள் வழக்கும் ஒரே மொழிக்குள்ளேயே வேறுபடக்கூடும் என்பதற்கு இது சான்று.

மீனவன் வலையில் ஒரு கண்ணியைப் பற்றி இழுத்தால் அதனைச் சூழ்ந்த கண்ணிகளும் உடன் அசையும். பாரிசுக் கடிதத்தில் வந்த ஒரு சொல், தமிழில் அண்ணனையும் தம்பியையும் ஒருங்கே இழுத்து வந்து நிறுத்தியது அத்தகையதே. ஆகவே, ஒரு சொல்லின் பொருளைக் கற்பவர் அதன் மேலே நிற்பது யாது, கீழே அடங்குவது யாது, பக்கத்தில் நின்று எல்லை வகுப்பது யாது, எதிரே நிற்பது யாது என்னும் நான்கினையும் வினவி அறிதல் வேண்டும்.

பயிற்சி

1. அரிசி என்னும் சொல்லின் எல்லையை வரையறுக்கும் சொற்கள் யாவை? அவை எவ்வாறு வரையறுக்கின்றன?
2. கீழ்வரும் இணைகள் எவ்வகை எதிர்ச்சொற்கள் என்பதைச் சோதனையுடன் காட்டுக: கணவன் - மனைவி, நெட்டை - குட்டை, ஒற்றை எண் - இரட்டை எண்.
3. கிளை, வேப்பமரம், மரம், வேர்: இவற்றுள் பொதுச்சொல், சிறப்புச்சொல், சினை என்பவற்றைப் பிரித்தெழுதுக.