இரு விடுதலை இயக்கங்களை ஒப்பிடும் கட்டுரை விடைக்கான மதிப்பீட்டுத் திட்டம்: தரநிலை விளக்கங்களின் சொல்லமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

இரு விடுதலை இயக்கங்களை ஒப்பிடுமாறு வினவப்படும்போது மாணவர் பலர் இரு வரலாறுகளை அடுத்தடுத்து எழுதி முடித்துவிடுகின்றனர். ‘நன்று’, ‘மிக நன்று’ என்னும் பண்புச் சொற்களால் ஆன மதிப்பீட்டுத் திட்டம் இவ்விடையையும் உண்மையான ஒப்பீட்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. கானா, அல்ஜீரியா ஆகியவற்றின் விடுதலை இயக்கங்களைக் களமாகக் கொண்டு, இருபது மதிப்பெண்ணுக்குரிய ஐந்து தரநிலைகளை இக்கட்டுரை அமைத்து, மாதிரிப் பத்திகளின்வழி அவற்றைச் சோதிக்கிறது.

திறவுச்சொற்கள்: மதிப்பீட்டுத் திட்டம், தரநிலை விளக்கம், ஒப்பீட்டு அளவுகோல், கானா, அல்ஜீரியா

முன்னுரை

‘ஒப்பிடுக’ என்னும் ஏவல் மாணவரிடம் கேட்பது யாது என்பதில் தெளிவு இல்லாதபோது விடைத்தாள் திருத்துவோர் தத்தம் மனத்திலுள்ள அளவுகோலைக் கொண்டே மதிப்பெண் இடுகின்றனர். ஒருவர் ஆண்டுகளையும் பெயர்களையும் எண்ணுகிறார். மற்றொருவர் நடையின் ஓட்டத்தைப் பார்க்கிறார். இதனால் ஒரே விடைத்தாள் ஒருவரிடம் எட்டும் மற்றொருவரிடம் பதினான்கும் பெறக்கூடும். இவ்வேறுபாட்டுக்குத் திருத்துவோரைக் காட்டிலும் திட்டத்தின் சொற்களே பெரிதும் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். விடைத்தாளில் கண்ணால் காணத்தக்க ஒன்றைத் தரநிலை விளக்கம் பெயரிட்டுச் சொல்லும்போதுதான் இருவர் ஒரே முடிவுக்கு வர இயலும்.

வினாவும் அதன் வரலாற்றுக் களமும்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வினா பின்வருமாறு: ‘கானா, அல்ஜீரியா ஆகிய நாடுகளின் விடுதலை இயக்கங்கள் கையாண்ட போராட்ட முறைகளை ஒப்பிட்டு, அவை வேறுபட்டமைக்கான காரணங்களை மதிப்பிடுக.’

இவ்விணை ஒப்பீட்டுக்கு ஏற்றது. இரண்டும் ஆப்பிரிக்க நாடுகள். இரண்டும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியப் பேரரசுகளை எதிர்த்து எழுந்தவை. எனினும் தங்கக் கடற்கரை என வழங்கிய பிரித்தானியக் குடியேற்ற நாடு, தேர்தல்களின் வழியே 1957 மார்ச் 6 அன்று கானாவாக விடுதலை பெற்றது. அல்ஜீரியாவோ 1954 நவம்பர் 1 அன்று தொடங்கிய நெடிய போரின் பின், 1962 ஜூலையில் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அல்ஜீரியாவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐரோப்பியர் குடியேறி வாழ்ந்தனர்; அதன் வடபகுதி பிரான்சின் மாவட்டங்களாகவே ஆளப்பட்டது. கானாவில் அத்தகைய குடியேறிய சமூகம் இல்லை.

இச்செய்திகள் பாடநூலில் கிடைப்பவை. எனவே அவற்றை நினைவில் வைத்திருத்தல் இவ்வினாவின் சோதனை ஆகாது. அவற்றை ஒரே அளவுகோலின்கீழ்க் கொணர்ந்து நிறுத்தலே சோதனை.

தரநிலை விளக்கங்கள்

முதல் நிலை (1–4): விடை ஓர் இயக்கத்தை மட்டுமே கூறுகிறது, அல்லது இரண்டையும் பற்றி எந்த நாட்டுக்கும் பொருந்தும் பொதுக்கூற்றுகளையே தருகிறது.

இரண்டாம் நிலை (5–8): இரு இயக்கங்களைப் பற்றியும் சரியான செய்திகள் உள்ளன, ஆயினும் அவை தனித்தனியே நிற்கின்றன. ஒப்பீடு இணைப்புச் சொற்களிலோ இறுதிப் பத்தியிலோ மட்டும் காணப்படுகிறது.

மூன்றாம் நிலை (9–12): ஒரு பொது அளவுகோலேனும் பெயரிடப்பட்டு, அதன்கீழ் இரு இயக்கங்களின் ஒற்றுமையோ வேற்றுமையோ கூறப்படுகிறது. அவ்வேற்றுமை ஏன் தோன்றிற்று என்பது விளக்கப்படவில்லை.

நான்காம் நிலை (13–16): பெரும்பாலான பத்திகள் ஓர் அளவுகோலைச் சுற்றி அமைகின்றன. இரு பக்கத்துக்கும் குறிப்பான சான்றுகள் தரப்பட்டு, வேற்றுமைக்குக் காரணம் காட்டப்படுகிறது.

ஐந்தாம் நிலை (17–20): நான்காம் நிலைக்குரியன யாவும் உள்ளன. மேலும், காரணங்களுள் எது முதன்மையானது என்பது எடைபோடப்படுகிறது. தம் முடிவுக்கு மாறான சான்றை மாணவர் எதிர்கொண்டு, அதற்கேற்ப முடிவைத் திருத்துகிறார்.

இவ்விளக்கங்களில் ‘சிறப்பான’, ‘ஆழமான’ என்னும் அடைகள் தவிர்க்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையில் இல்லாத ஒரு செயலைச் சுட்டுகிறது: செய்தி கூறல், அளவுகோல் காணல், காரணம் காட்டல், எடைபோடல் என்பன அவற்றின் வரிசை.

மாதிரிப் பத்திகளும் மதிப்பீடும்

கீழ்வரும் மூன்று பத்திகள் இவ்விளக்கங்களைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்டவை.

பத்தி அ: ‘கானாவில் 1949இல் குவாமே நிக்ரூமா மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். 1950 ஜனவரியில் நேர்நடவடிக்கை இயக்கம் நடைபெற்றது. அவர் சிறையில் இருந்தபோதே 1951 தேர்தலில் அவர் கட்சி வென்றது. ஆனால் அல்ஜீரியாவில் 1954இல் தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. 1956இல் சும்மாம் மாநாடு நடைபெற்றது. 1962இல் எவியன் ஒப்பந்தம் கையெழுத்தானது.’

பத்தி ஆ: ‘இரு இயக்கங்களின் முறைகளும் வேறுபட்டவை. கானா இயக்கம் வேலைநிறுத்தத்தையும் தேர்தலையும் நம்பியது. அல்ஜீரிய இயக்கம் கெரில்லாப் போரை நம்பியது. ஒன்று அமைதி வழி. மற்றொன்று ஆயுத வழி.’

பத்தி இ: ‘வாக்குக்கு எவ்வளவு பயன் இருந்தது என்பதே இரு முறைகளும் பிரியும் இடம். கானாவில் 1951 தேர்தலில் மக்கள் மாநாட்டுக் கட்சி, மக்கள் வாக்களித்த 38 இடங்களுள் 34ஐ வென்றது. சிறையிலிருந்த நிக்ரூமாவை ஆளுநர் விடுவித்து அரசில் பங்கேற்க அழைத்தார். அல்ஜீரியாவிலோ 1947 சட்டத்தின்படி அமைந்த பேரவையின் 120 இடங்களுள் பாதி, மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரான ஐரோப்பியர் மேலோங்கிய வாக்காளர் பிரிவுக்குச் சென்றது. எஞ்சிய பாதிக்கு 1948இல் நடந்த தேர்தலிலும் நிர்வாகமே முறைகேடு செய்தது. அங்கு வாக்கு வழி அடைபட்டதால் ஆயுத வழி வலுப்பெற்றது.’

பத்தி அ ஆறு வாக்கியங்களில் ஆறு நிகழ்ச்சிகளை ஆண்டுடன் தருகிறது. செய்திகளை எண்ணித் திருத்துபவர் இதற்கு மிகுதியான மதிப்பெண் இடுவார். ஆனால் இப்பத்தியில் ‘ஆனால்’ என்னும் சொல்லை நீக்கினால் பொருள் சிறிதும் குறைவதில்லை. கானா, அல்ஜீரியா பகுதிகளை இடம் மாற்றினாலும் கருத்து மாறுவதில்லை. தமிழில் ‘ஆனால்’, ‘மாறாக’, ‘அதேபோல்’ என்னும் சொற்கள் எவ்விரு வாக்கியங்களையும் எளிதில் இணைத்துவிடுவதால், ஒப்பீடு நிகழ்ந்துள்ளது என்னும் தோற்றம் உண்டாகிறது. இணைப்புச் சொல்லை நீக்கிப் படித்தல் இத்தோற்றத்தைக் கலைக்கும் எளிய சோதனை. எனவே இப்பத்தி இரண்டாம் நிலைக்குரியது.

பத்தி ஆ செய்தியில் மெலிந்தது. ஓர் ஆண்டுகூட இல்லை. எனினும் ‘போராட்ட முறை’ என்னும் அளவுகோல் பெயரிடப்பட்டு, இரு இயக்கங்களும் அதன்கீழ் நிற்கின்றன. ஆதலால் மூன்றாம் நிலையின் கீழ்ப்பகுதியில் ஒன்பது பெறத்தக்கது. மனப்பாடம் மிகுந்த பத்தி அ இதனினும் குறைவாகப் பெறுவது முதலில் நெருடலாகத் தோன்றலாம். ஆயினும் வினா கேட்ட செயலைச் செய்தவர் ஆ-வை எழுதியவரே.

பத்தி இ ‘வாக்கின் பயன்’ என்னும் அளவுகோலில் தொடங்கி, ஒரே வகை நிகழ்ச்சியை, அதாவது தேர்தலை, இரு நாடுகளிலிருந்தும் எடுத்து நிறுத்திக் காரணத்தைப் பெறுகிறது. இது நான்காம் நிலை.

இதே மாணவர் ஐந்தாம் நிலையை எட்ட, தம் முடிவுக்கு இடர் தரும் சான்றுகளைச் சந்தித்தல் வேண்டும். 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தின்மீது காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தனர். தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் அமைந்த வாட்சன் ஆணையமும் கூசி குழுவும்தாம் 1951 தேர்தலுக்கு வழிவகுத்தன. ஆகவே கானாவின் வாக்கு வாயில் வன்முறையின் நிழலே படாமல் திறந்ததன்று. மறுபுறம், அல்ஜீரிய முன்னணி தன் சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. போரும் இறுதியில் எவியனில் பேச்சுவார்த்தையாகவே முடிந்தது. ‘அமைதி வழி, ஆயுத வழி’ என்னும் எளிய பிரிவு இச்சான்றுகளால் தளர்கிறது. அத்தளர்ச்சியை ஏற்று, ‘இரு நாடுகளிலும் இருவகை அழுத்தமும் இருந்தன; எது மேலோங்குவது என்பதைக் குடியேறிய ஐரோப்பியரின் இருப்பு முடிவுசெய்தது’ என்பதுபோல முடிவைத் திருத்தும் விடையே ஐந்தாம் நிலைக்குரியது.

திருத்தும் முறையும் எழும் சிக்கல்களும்

விடை முழுவதையும் படித்த பின்னரே நிலையைத் தீர்மானித்தல் வேண்டும்; பத்திதோறும் மதிப்பெண் இட்டுக் கூட்டுதல் மீண்டும் செய்திகளை எண்ணுவதிலேயே முடியும். எந்த நிலை விளக்கம் விடையின் பெரும்பகுதிக்குப் பொருந்துகிறதோ அதன் நடு மதிப்பெண்ணில் தொடங்கி, சான்றுகளின் குறிப்புத்தன்மைக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ செய்யலாம்.

பிழையான செய்தி வரும்போது, அப்பிழை வாதத்தைத் தகர்க்கிறதா என்று பார்த்தல் தகும். கானா விடுதலை பெற்றது 1956 என எழுதினும் பத்தி இ-யின் வாதம் நிலைக்கும். அங்கு நிலைக்குள் ஒரு மதிப்பெண் குறைத்தல் போதும். அல்ஜீரியாவைப் பிரித்தானியக் குடியேற்ற நாடு எனக் கொண்டு வாதிட்டால், ஆட்சிமுறை பற்றிய ஒப்பீடே வீழ்கிறது. அப்போது நிலையே இறங்கும்.

அறத்தீர்ப்பை வரலாற்று மதிப்பீடாகக் கொள்வது மற்றொரு சிக்கல். ‘அமைதி வழியே சிறந்தது’ என்னும் முடிவுரை திருத்துவோரின் உள்ளத்துக்கு உவப்பாக இருக்கலாம். ஆனால் ‘மதிப்பிடுக’ என்னும் ஏவல் இங்குக் கேட்பது காரணங்களின் எடையை; முறைகளின் நன்மை தீமையை அன்று. அத்தகைய முடிவுரைக்கு மதிப்பெண் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா.

இருவர் இட்ட மதிப்பெண்கள் வெவ்வேறு நிலைகளில் விழும்போது சராசரி காண்பது தீர்வாகாது. ஏழும் பதின்மூன்றும் சேர்ந்து பத்தானால், இருவருமே காணாத மூன்றாம் நிலை அம்மாணவருக்குக் கிடைக்கிறது. இருவரும் தாம் கண்ட அளவுகோலையும் காரணத்தையும் விடைத்தாளில் அடிக்கோடிட்டுக் காட்டி ஒத்துப்பார்த்தலே முறை.

முடிவுரை

இத்திட்டத்துக்கும் எல்லை உண்டு. ஆசிரியர் வகுப்பில் எழுதித் தந்த ஒப்பீட்டை மாணவர் மனப்பாடமாக ஒப்பித்தால், விளக்கங்கள் அதனைக் கண்டறியா. ஒரே இணைக்கு ஒரே வினாவை ஆண்டுதோறும் விடுக்காமல், ஓராண்டு போராட்ட முறைகள், மற்றோராண்டு தலைமையும் அமைப்பும் என அளவுகோலை மாற்றி வினவுதலே அதற்கு ஓரளவு மாற்று. எனினும் இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையிலான கோட்டை இத்திட்டம் தெளிவாக்குகிறது. பெரும்பாலான விடைத்தாள்கள் தடுமாறும் இடம் அதுவே. இரு வரலாறுகளை அறிந்த மாணவர் ஒப்பிடவும் அறிந்தவராகும் இடமும் அதுவே.