பத்து மடங்கு நீர்ப்பு ஏன்?

கேள்வி: பிறந்த குழந்தைக்கு அட்ரினலின் ஊசியை ஏன் நீர்த்துக் கொடுக்கிறார்கள்?

பதில்: அட்ரினலின் ஆம்பூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 3 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வீதம், சிரை வழியே 0.06 மில்லிகிராம் போதும். அப்படியே எடுத்தால் அது 0.06 மில்லிதான். சிரிஞ்சின் நுனியிலும் ஊசியின் குழலுக்குள்ளும் தங்கிவிடும் மருந்தே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்; அதுவும் உள்ளே போனால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். அதனால் 10 மில்லி சிரிஞ்சில் 1 மில்லி மருந்துடன் 9 மில்லி நார்மல் சலைன் சேர்த்துக் கலக்குகிறார்கள். இப்போது அதே அளவு 0.6 மில்லி, 1 மில்லி சிரிஞ்சில் தெளிவாக அளக்கலாம். நீர்த்த சிரிஞ்சில் உடனே லேபிள் ஒட்டுவது கட்டாயம். நீர்க்காத மருந்து என்று தவறாக எண்ணி மறுபடி நீர்த்தால், குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்குதான் போய்ச்சேரும்.