எதிராளி மவுத்தானால் வழக்கும் முடிந்ததா?

மதுரங்குளிப் பக்கம் தென்னங்காணி வழக்குகள் தலைமுறை தாண்டியும் நடக்கின்றன. அதனால் வழக்கு முடியுமுன் கட்சிக்காரர் மவுத்தாவது அரிதல்ல. அப்போது ஊரில் உலவும் சில நம்பிக்கைகள் காணியையே பறித்துவிடும்.

நம்பிக்கை: ஆள் இறந்தால் வழக்கும் இறந்துவிடும்.

இல்லை. வழக்குரிமை வாரிசுக்குச் செல்லுமானால், மரணத்தால் மட்டும் வழக்கு அற்றுப்போகாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 392ஆம் பிரிவு சொல்கிறது. காணி உரித்து வழக்கு அப்படிப்பட்டதுதான்.

நம்பிக்கை: எதிராளி இறந்தால் அவருடைய பிள்ளைகள்தான் வந்து சேர வேண்டும்.

மிகவும் ஆபத்தானது இதுவே. எல்லை தாண்டி வேலி போட்ட அயலவர் மீது ஒருவர் புத்தளம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 2023 மார்ச்சில் அயலவர் இறந்த செய்தி நீதிமன்றத்துக்குத் தெரிகிறது. பதிலாளை இடுவதற்கு நடவடிக்கை எடுக்கும்படி வழக்கேட்டில் கட்டளை எழுதப்படுகிறது. அந்தப் பொறுப்பு வழக்காளியுடையது. இறந்தவரின் சட்டப் பிரதிநிதி யார், எங்கே வசிக்கிறார் என்று காட்டி 398ஆம் பிரிவின் கீழ் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழையும் சத்தியக்கடதாசியையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பெயர் பதிவானதும் அந்தப் பிரதிநிதிக்கு அழைப்பாணை போகும். "அவங்க வரட்டும்" என்று வழக்காளி சும்மா இருந்தால், கடைசிக் கட்டளையிலிருந்து 12 மாதம் கழிந்ததும், அதாவது 2024 மார்ச்சுக்குப் பின், 402ஆம் பிரிவின்படி வழக்கு அற்றுப்போனதாக நீதிமன்றம் கட்டளையிடலாம். அதன்பின் அதே காரணத்துக்காகப் புது வழக்குப் போட 403ஆம் பிரிவு விடாது. அந்தக் கட்டளையை நீக்கும்படி கேட்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும்; வழக்கைத் தொடர முடியாமல் தடுத்த போதிய காரணத்தையும் நிரூபிக்க வேண்டும். சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாமல், ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் வழக்கேட்டில் என்ன எழுதப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

நம்பிக்கை: 90 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு.

அது இந்தியாவின் கணக்கு. அங்கே மரணத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நமது 12 மாதம் மரணத் தேதியிலிருந்து ஓடுவதில்லை.

நம்பிக்கை: பிரிவிடல் வழக்கில் இந்தக் கவலையே வேண்டாம்.

பாதி உண்மை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி, நடத்தாமல் விட்டதற்காக அவ்வழக்கு அற்றுப்போகாது. ஆனால் அக்கறையில்லாமல் இழுத்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். வாரிசுகளுக்குள்ள ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தாம் இறந்தால் தமக்காக நிற்பவர் என்று ஒருவரையாவது, கூடியது மூவரை, கட்சிக்காரர் எழுத்தில் நியமித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது 81ஆம் பிரிவு. அதைக் கொடுக்காமல் வாப்பா மவுத்தானால், அவர் இடத்தில் யாருமே இல்லாமல் வந்த தீர்ப்பும் செல்லும். பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். உங்கள் குடும்பப் பங்கு அப்படியொரு வழக்கில் இருந்தால், அந்தப் பத்திரம் கோவையில் இருக்கிறதா என்று வாப்பா உயிரோடிருக்கும்போதே பாருங்கள்.