இரு கண்ணி மின்சுற்றும் கலப்பெண் கணக்கும்

ஒரு மின்னோட்டம் இரு கிளைகளாகப் பிரிந்து சென்றால், கிளைகளில் ஓடுபவற்றின் கூட்டுத் தொகை முதல் ஓட்டத்திற்குச் சமமாகும். இது கிர்க்காப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1845-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. பாட்டரியினின்று வரும் ஒருதிசை மின்னோட்டத்தில் அம்மீட்டர்களைக் கொண்டு இதனை எவரும் எளிதில் மெய்ப்பிக்கலாம். ஆனால் மாறுதிசை மின்னோட்டத்தில், முதற் கம்பியிலுள்ள அம்மீட்டர் 3.16 ஆம்பியரும், ஒரு கிளையிலுள்ளது 7.07 ஆம்பியரும், மற்றொரு கிளையிலுள்ளது 6.32 ஆம்பியரும் காட்டக்கூடும். முழுமையினும் பகுதிகள் இரண்டும் பெரியனவாய் நிற்கின்றன! விதி பொய்த்ததோ எனின், அன்று. அஃது எங்ஙனம் என்பதை ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு முறையாக ஆராய்வோம்.

வினாடிக்கு 50 அலைவுகளும் 100 வோல்ட் பயனுறு மதிப்பும் உடைய மின்மூலம் ஒன்று உளது என்க. அதன் மேல் முனையிலிருந்து 10 ஓம் தடையின் வழியாக ஓட்டம் சென்று ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. நடுக் கிளையில் ஒரு கண்டென்ஸர். அதன் ரியாக்டன்ஸ் 10 ஓம். வலக் கிளையில் ஒரு கம்பிச்சுருள். அதன் தடை 5 ஓம், ரியாக்டன்ஸ் 10 ஓம். இரு கிளைகளும் கீழே கூடி மின்மூலத்தை அடைகின்றன. 50 அலைவுகளில் இம்மதிப்புகளைப் பெறக் கண்டென்ஸர் ஏறத்தாழ 318 மைக்ரோபாரடும், சுருள் 31.8 மில்லிஹென்றியும் உடையனவாதல் வேண்டும்.

சைன் வடிவாய் மாறும் ஒவ்வோர் அளவுக்கும் பருமன் ஒன்று, கட்டம் ஒன்று என இரண்டு இயல்புகள் உள. இவ்விரண்டையும் நீளமும் சாய்வும் உடைய ஓர் அம்பினால் குறிக்கலாம். அதுவே பேஸர் எனப்படும். அவ்வம்பைக் கலப்பெண்ணாக எழுதிவிட்டால் கணக்கு முழுவதும் இயற்கணிதமாகிவிடும். 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் கூடிய மின்னியல் மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் என்பார் இம்முறையை விளக்கினார். இங்கு j என்பது −1-இன் வர்க்கமூலம். ஓர் அம்பை j-யால் பெருக்கினால் அது 90 பாகை முன்னோக்கித் திரும்பும். −j-யால் பெருக்கினால் அவ்வளவு பின்னோக்கித் திரும்பும். ஆகவே கண்டென்ஸரின் இம்பீடன்ஸ் −j10 எனவும், சுருளின் இம்பீடன்ஸ் 5 + j10 எனவும் எழுதப்படும்.

இனிச் சுற்றை நோக்குக. வலையில் இரு கண்ணிகள் இருத்தல் போல, இங்கே இடக் கண்ணி ஒன்றும் வலக் கண்ணி ஒன்றும் உள்ளன. இடக் கண்ணியில் I₁ என்னும் ஓட்டமும், வலக் கண்ணியில் I₂ என்னும் ஓட்டமும் வலஞ்சுழியாகச் சுழல்வதாகக் கொள்வோம். முதற் கம்பியில் ஓடுவது I₁. சுருளில் ஓடுவது I₂. நடுவிலுள்ள கண்டென்ஸரில் I₁ கீழ்நோக்கியும் I₂ மேல்நோக்கியும் செல்வதால், அதில் கீழ்நோக்கி ஓடுவது I₁ − I₂. இவ்வாறு கொண்டமையால் கிளைகளின் கூட்டல் விதி தானே நிறைவேறிவிடுகின்றது. கண்ணிக்கு ஒன்றாக இரண்டு சமன்பாடுகளே போதும்.

ஒவ்வொரு கண்ணியிலும், அதன் முழு இம்பீடன்ஸை அதன் ஓட்டத்தால் பெருக்கி, பொதுக் கிளையின் இம்பீடன்ஸை அடுத்த கண்ணியின் ஓட்டத்தால் பெருக்கிக் கழித்தல் வேண்டும். இடக் கண்ணியின் முழு இம்பீடன்ஸ் 10 − j10. வலக் கண்ணிக்கு 5 + j10 − j10, அதாவது வெறும் 5. பொதுக் கிளையோ −j10. அதனைக் கழிக்கும்போது குறி மாறி +j10 ஆகும். எனவே,

(10 − j10) I₁ + j10 I₂ = 100
j10 I₁ + 5 I₂ = 0

இரண்டாவது சமன்பாட்டினின்று I₂ = −j2 I₁ எனப் பெறுகின்றோம். இதனை முதலாவதில் இட்டால், j10 × (−j2) = 20 ஆதலின்,

(30 − j10) I₁ = 100

மேலும் கீழும் 30 + j10-ஆல் பெருக்கினால், கீழே 1000 நிற்கும். ஆகவே,

I₁ = 3 + j1
I₂ = 2 − j6
I₁ − I₂ = 1 + j7

இவற்றின் நீளங்கள் முறையே √10, √40, √50, அதாவது 3.16, 6.32, 7.07 ஆம்பியர். அம்மீட்டர்கள் காட்டியவை இவையே. I₁ மின்னழுத்தத்திற்கு 18.4 பாகை முந்துகின்றது. சுருளின் ஓட்டம் 71.6 பாகை பிந்துகின்றது. கண்டென்ஸரின் ஓட்டம் 81.9 பாகை முந்துகின்றது. அம்மீட்டர் நீளத்தை மட்டும் அறியும், சாய்வை அறியாது. புதிரின் காரணம் இதுவே.

ஒரு கணத்தை எடுத்துக்கொண்டால் விதியின் உண்மை விளங்கும். மின்னழுத்தம் சுழியைக் கடந்து ஏறத் தொடங்கும் கணத்தில் முதற் கம்பியில் வருவது 1.41 ஆம்பியர். அதே கணத்தில் சுருளில் 8.49 ஆம்பியர் எதிர்த்திசையில், அதாவது மேல்நோக்கி, ஓடுகின்றது. இரண்டும் சேர்ந்து 9.90 ஆம்பியராகக் கண்டென்ஸரினுள் இறங்குகின்றன. சுருளும் கண்டென்ஸரும் தமக்குள் ஆற்றலைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. மின்மூலம் ஈடுசெய்வது சிறு பகுதியே.

விடையைச் சோதித்தல் இன்றியமையாதது. மின்மூலம் தரும் திறன் 100 × 3 = 300 வாட். தடைகளில் செலவாவது, 10 ஓமில் 10 × 10 = 100 வாட், சுருளின் 5 ஓமில் 5 × 40 = 200 வாட்; ஆக 300. கணக்கு ஒத்து வருகின்றது. எனினும் இச்சோதனை ஒன்றையே நம்பிவிடலாகாது. பொதுக் கிளைக்கு எப்பொழுதும் கழித்தற்குறியே வரும் என்னும் பழக்கத்தால், மாணவர் பலர் இரு சமன்பாடுகளிலும் +j10 இருக்க வேண்டிய இடத்தில் −j10 என எழுதிவிடுவர். அப்பொழுது I₁ மாறாது. I₂ மட்டும் −2 + j6 என வரும். அதன் நீளம் முன்போலவே 6.32. கண்டென்ஸரின் ஓட்டம் 5 − j5 என வரும்; அதன் நீளமும் 7.07! திறனும் 300 வாட்டே. இச்சுற்றில் I₁-உம் I₂-உம் ஒன்றற்கொன்று செங்குத்தாய் நிற்றலால், கூட்டினாலும் கழித்தாலும் ஒரே நீளம் கிடைக்கின்றது. அம்மீட்டரும் வாட்மீட்டரும் இப்பிழையைக் காட்டிக்கொடுக்க மாட்டா.

காட்டிக்கொடுப்பது வெளிச் சுற்று. கண்டென்ஸரை விடுத்து, மின்மூலம், தடை, சுருள் என்னும் பெருவழியே சுற்றி வருக. தடையில் 10(3 + j1) = 30 + j10; சுருளில் (5 + j10)(2 − j6) = 70 − j10. இரண்டும் கூடி 100 ஆகின்றன; மின்மூலத்தின் மின்னழுத்தமும் அதுவே. பிழையான I₂-வை இட்டால் −40 + j20 எனக் கிடைக்கும். கண்ணிச் சமன்பாடுகளை எழுதும்போது கையாளாத வழியொன்றில் சோதித்தலே சிறந்ததென்பது இதனால் பெறப்படும்.

இறுதியாக, இம்முறையின் எல்லையையும் அறிதல் வேண்டும். சாவியை மூடிய உடனே எழும் தற்காலிக ஓட்டங்கள் அடங்கி, சுற்று நிலைபெற்ற பின்னரே இவ்விடை பொருந்தும். சுருளுள் இரும்பு இருந்து அது காந்தத்தால் தெவிட்டுமாயின் ரியாக்டன்ஸ் ஓட்டத்தோடு மாறும். அப்பொழுது இக்கணக்கு செல்லாது. அலைவெண் மாறினாலும் எல்லாம் மாறும். வினாடிக்கு 100 அலைவுகளாயின் சுருளின் ரியாக்டன்ஸ் 20 ஓம், கண்டென்ஸரினது 5 ஓம். அப்பொழுது முதல் ஓட்டம் 8.10 ஆம்பியராய் உயர, சுருளில் 2.56 ஆம்பியரே ஓடும், கண்டென்ஸரில் 10.56 ஆம்பியர் ஓடும். இவ்விடைகளை மாணவர் தாமே கணக்கிட்டு, வெளிச் சுற்றின் வழியே சோதித்துப் பார்ப்பாராக.